புள்ளி மூன்றைத் தவறவிடும் கூட்டல்

பைதானில் இந்த இரண்டையும் தட்டிப் பாருங்கள்:

```
>>> 0.1 + 0.2
0.30000000000000004
>>> 0.1 + 0.3 == 0.4
True
```

முதல் கூட்டல் பிசகுகிறது, இரண்டாவது சரியாக வருகிறது. மிதவைப் புள்ளி முறையின் பெரிய குறை பிழை நேர்வதன்று, அது எப்போது தலைகாட்டும் என்று மேலோட்டமாகப் பார்த்துச் சொல்ல முடியாததுதான் என்பேன்.

1985இல் வெளியான ஐ.இ.இ.இ. 754 தரநிலை ஓர் எண்ணுக்கு 64 பிட்டுகளை இப்படிப் பங்கிடுகிறது: குறிக்கு 1, அடுக்குக்கு 11, மாண்டிசாவுக்கு 52. 0.1 என்பது 1.6 × 2⁻⁴. அடுக்கான -4, 1023 கூட்டப்பட்டு 1019 ஆகப் பதிவாகும். 1.6இன் முன்னால் உள்ள 1 எப்போதும் இருப்பதால் அதைச் சேமிப்பதே இல்லை. ஒரு பிட் மிச்சம். சிக்கல் மீதிப் பகுதியில். இரும எண்ணில் அது 1001 1001 என்று முடிவின்றித் தொடரும். 52 பிட்டில் நிறுத்தும்போது வெட்டுப்பட்ட பகுதி பாதியைவிட அதிகம்; ஆகவே மேல்நோக்கி முழுமையாக்கப்படுகிறது. 0.2 என்பது 1.6 × 2⁻³. மாண்டிசா அதுவே, அதனால் அதுவும் உண்மை மதிப்பைவிடச் சற்றுக் கூடுதல். 0.3 என்பதோ 1.2 × 2⁻². அதன் பிட்டுகள் 0011 0011 என்று போகும். வெட்டுப்படும் பகுதி பாதிக்கும் குறைவு. எனவே சற்றுக் குறைவாகவே சேமிக்கப்படுகிறது.

கூடுதலான இரண்டைக் கூட்டிக் குறைவான ஒன்றோடு ஒப்பிடுகிறோம். 0.3ஐ ஒட்டிய பகுதியில் சேமிக்கக்கூடிய அடுத்தடுத்த எண்களின் இடைவெளி 2⁻⁵⁴. கூட்டுத்தொகை அப்படிப்பட்ட இரண்டு எண்களுக்கு மிகச்சரியாக நடுவில் விழுகிறது. நடுவில் விழுந்தால், கடைசி பிட் 0 ஆக உள்ளதை எடு என்பது விதி. 0.3இன் கடைசி பிட் 1, அதற்கு மேலே உள்ள எண்ணின் கடைசி பிட் 0. ஆகவே விடை மேலே போகிறது. கூட்டலில் எங்கும் விதி மீறப்படவில்லை.

இந்த முறைக்குப் பெருமை சேர்ப்பது இதன் ஒழுங்கு. அணுவின் அளவானாலும் விண்மீனின் தொலைவானாலும், ஓர் எண்ணைச் சேமிக்கும்போது நேரும் பிழை, மிக நுண்ணிய எண்கள் தவிர, அந்த எண்ணின் 2⁻⁵³ பங்கைத் தாண்டாது. அறிவியல் கணக்குக்கு இதைவிட நல்ல உத்தரவாதம் வேறில்லை. ஆனால் இடைவெளியும் எண்ணோடு சேர்ந்து வளர்கிறது: 2⁵³உடன் 1 கூட்டினால் விடை மாறுவதே இல்லை. அதனால் `==` போடாமல் வித்தியாசம் 10⁻⁹க்குள் இருக்கிறதா என்று பார்க்கும் பழக்கமும் பாதி மருந்துதான். மிகப் பெரிய எண்களுக்கு அது எட்டாத வரம்பு, மிகச் சிறியவற்றுக்கு எல்லாமே சமம். எண்ணின் அளவுக்கேற்ற விகிதத்தில் ஒப்பிடும் `math.isclose` இங்கே மேல்.

பணத்துக்கு அதுவும் வேண்டாம். தரநிலையின் 2008 திருத்தத்தில் பதின்ம வடிவங்கள் சேர்க்கப்பட்டன, ஆனால் பெரும்பாலான கணினிச் சில்லுகளில் அவற்றுக்கு நேரடி வன்பொருள் இல்லை. ரூபாயைப் பைசாவாக்கி முழு எண்ணாகவே வைத்துக்கொண்டால், கூட்டல் கழித்தலில் இந்தப் பிசகுக்கு இடமில்லை.