தயிர் அடுப்பேறும் ஊரும் ஏறாத ஊரும்

நாவலூரின் அடுக்குமாடி வீடுகளில் ஒரே தளத்தில் வங்காளக் குடும்பமும் ஆந்திரக் குடும்பமும் மதுரைக் குடும்பமும் இருக்கும். பழைய மாமல்லபுரம் சாலையின் கணினி நிறுவனங்கள் இந்த ஊருக்குக் கொண்டுவந்து சேர்த்த கலவை அது. பன்னீர் பட்டர் மசாலாவும் வெள்ளைக் குருமாவும் அந்த வீடுகளில் எல்லோருக்கும் பொதுவான பண்டங்களாகிவிட்டன. செய்முறை கிரீம் கேட்கிறது. குளிர்பெட்டியில் இருப்பதோ தயிர். அதை அப்படியே கொதிக்கும் வாணலியில் கவிழ்த்த ஐந்தாவது நிமிடம், குழம்பு முழுக்க ரவை போல வெள்ளைப் பொடிப்பொடியாகத் திரண்டு நிற்கிறது. ஓரத்தில் வெளிர்மஞ்சள் நீர் ஒதுங்குகிறது.

அந்த நீரை எண்ணெயோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. மசாலா நன்றாக வதங்கி எண்ணெய் பிரிவது நல்ல அறிகுறி. அது சிவந்து பளபளத்து மேலே மிதக்கும். தயிர் திரிந்தால் வருவது சாறு. அது மங்கலாக, தண்ணீராக, கரண்டியால் விலக்கினால் உடனே திரும்பவும் கூடும். நாக்கில் மணல்மணலாகப் படுவதும் திரிந்ததைக் காட்டிக்கொடுக்கும்.

கிரீமுக்கு இந்தத் தொல்லை இல்லாததற்குக் காரணம் எளியது. கடையில் வரும் கிரீமில் நான்கில் ஒரு பங்கு கொழுப்பு; புரதம் மிகக் குறைவு; புளிப்பும் இல்லை. தயிரில் கொழுப்பு சாதாரணமாக மூன்று, நான்கு விழுக்காடுதான், புரதமும் ஏறக்குறைய அதே அளவு. பால் தயிராக உறைந்தபோதே அந்தப் புரதம் புளிப்பால் ஒன்றோடொன்று பின்னி வலையாகிவிட்டது. தண்ணீரைப் பிடித்து வைத்திருப்பது அந்த வலைதான். சூடு ஏற ஏற வலை சுருங்கி இறுகுகிறது, நீர் வெளியே வந்துவிடுகிறது. தக்காளி அதிகமாகப் போட்ட குழம்பில் புளிப்பும் சேர்ந்துகொள்வதால் வேலை இன்னும் விரைவாக நடக்கிறது. மோர் சேர்க்கச் சொல்லும் குறிப்பில் தயிரைப் போடுகிறவர்களுக்குச் சிக்கல் சற்று வேறு. மோர் ஏற்கெனவே நீர்த்தது என்பதால் தயிரைக் கடைந்து, பாதியளவாவது தண்ணீர் கலந்த பிறகே அதற்கு ஈடாகும்.

தயிர் திரிவதற்குத் தமிழ்நாட்டுச் சமையல் எப்போதோ தீர்வு கண்டுவிட்டது. மோர்க்குழம்பைப் பார்த்தாலே போதும். நான்கு பேருக்கு ஒரு மேசைக்கரண்டி துவரம்பருப்பும் ஒரு தேக்கரண்டி பச்சரிசியும் அரைமணி நேரம் ஊறுகின்றன. அவற்றோடு மூன்று, நான்கு கரண்டி தேங்காய்த் துருவல், பச்சைமிளகாய், சீரகம், துண்டு இஞ்சி சேர்த்து விழுதாக அரைபடுகின்றன. இரண்டு கோப்பைத் தயிரைக் கட்டியில்லாமல் கடைந்து, இந்த விழுதை அதில் கரைத்த பிறகே அடுப்பில் வைக்கிறார்கள். வெண்பூசணியோ வெண்டைக்காயோ தனியே வெந்து வந்து சேரும். தீ சிறியது; கரண்டி நிற்பதில்லை. ஓரத்தில் நுரை கட்டி நடுவை நோக்கிக் கூடி வரும்போதே இறக்கிவிட வேண்டும். "கொதிக்க விடாதே, நுரைச்சதும் இறக்கு" என்று மாமியார் மருமகளுக்குச் சொல்வது இந்த ஒரு நொடியைத்தான்.

அரிசிக்கும் பருப்புக்கும் அங்கே சுவையைவிட முக்கியமான வேலை ஒன்று உண்டு. அவற்றின் மாவுச்சத்து சூட்டில் ஊதிப் பருத்துத் தண்ணீரைப் பிடித்துக்கொள்கிறது. புரதத் துணுக்குகள் ஒன்றையொன்று நெருங்காமல் நடுவில் நிற்கிறது. பஞ்சாபி கடி இதையே இன்னும் துணிச்சலாகச் செய்கிறது. புளித்த தயிரில் கடலைமாவைக் கரைத்து, முதல் கொதி வரும்வரை கிளறிவிட்டு, அதன் பிறகு அரைமணிக்கு மேல் கொதிக்கவே விடுகிறார்கள். கடலைமாவு தாராளமாக இருப்பதால் தயிர் தாங்குகிறது. காஷ்மீரத்து யக்னியில் தயிரைக் கடைந்து, கொதி வரும்வரை கையெடுக்காமல் துழாவுவார்கள். நுரைத்ததும் இறக்கும் மோர்க்குழம்புக்கும் கொதிக்கக் கொதிக்க வேகும் கடிக்கும் இடையே எவ்வளவு தூரம்! ஆனாலும் மூன்றிலும் தயிர் அடுப்பில்தான் இருக்கிறது.

இலங்கையில் கதை வேறு. அங்கே தயிர் இல்லாமல் இல்லை. மட்டக்களப்பின் எருமைத் தயிரும், தெற்கே திஸ்ஸமகாராமைச் சாலையோரத்தில் மண்சட்டியோடு அடுக்கி விற்கும் தயிரும் பெயர் பெற்றவை. எருமைப் பாலில் கொழுப்பு மிகுதி. மண்சட்டி வேறு ஈரத்தை உறிஞ்சுகிறது. கத்தியால் வெட்டும் பதத்தில் உறைகிற அந்தத் தயிரைக் குழம்பில் ஊற்றுவது அன்றாட வழக்கமல்ல. கித்துள் பாணி ஊற்றிச் சாப்பாட்டுக்குப் பின் உண்பதே வழக்கம். கறியின் கொழுகொழுப்புக்குத் தேங்காய்ப்பால் இருக்கிறது.

ஆனால் தேங்காய்ப்பாலும் திரியும் என்பதால், யாழ்ப்பாணத்துச் சமையலுக்கும் தனி எச்சரிக்கை உண்டு. சொதிக்கு வெங்காயம், பச்சைமிளகாய், வெந்தயம், மஞ்சள் எல்லாம் இரண்டாம் பாலில் வேகின்றன. முதற்பால் கடைசியில் சேர்கிறது. துழாவிக்கொண்டே இருந்து, ஒரு கொதி எழும்பும்போதே இறக்கிவிடுவார்கள். தேசிக்காய்ப் புளியை விடுவது அடுப்பிலிருந்து இறக்கிய பிறகுதான். கொதிக்கும்போது புளி விட்டால் பால் திரைந்துவிடும்.

ஒரு கரை புளித்த பொருளுக்கு மாவைத் துணை சேர்த்து நெருப்பில் இறக்குகிறது. மறுகரை புளிப்பை நெருப்பிலிருந்து தள்ளியே வைக்கிறது. நாவலூர் சமையலறைக்கு இவ்விரண்டும் சேர்ந்தே தேவைப்படுகின்றன. கிரீமின் மென்மை வேண்டும், ஆனால் குழம்பு மோர்க்குழம்பாகவும் மாறிவிடக் கூடாது என்பதுதானே அங்கே கேள்வி?

அரைக் கிலோ கோழிக் குருமாவை எடுத்துக்கொள்ளலாம். ஒரு கோப்பைத் தயிர், புளிக்காதது, ஆடை நீக்காத பாலில் உறைந்தது. நீலப் பாக்கெட் பாலில் கொழுப்பு 3 விழுக்காடு. நிறைகொழுப்புப் பாலில் 6. தயிர் குழம்பில் நிற்பதில் இந்த வேறுபாடு கண்ணுக்குத் தெரியும். அரைமணி நேரம் வெள்ளைத் துணியில் தொங்கவிட்டு நீரை வடித்தால் கிரீமின் தடிப்பு வரும். குளிர்பெட்டியின் குளிர் போனதும், ஒரு தேக்கரண்டி அரிசிமாவு அல்லது சோளமாவு சேர்த்துக் கடைய வேண்டும். கோழி வெந்து, தக்காளி முழுதும் வதங்கிய பிறகு தீயைக் குறைத்து, குமிழி அடங்கும்வரை காத்திருக்க வேண்டும். இரண்டு கரண்டிக் குழம்பை முதலில் தயிரில் விட்டுக் கலக்கி அதைச் சூடேற்றிக்கொண்டு, பிறகு தயிரைக் கரண்டி கரண்டியாக வாணலியில் சேர்க்கலாம். முந்தைய கரண்டி கரைந்தபின் அடுத்தது. மாவின் பச்சை வாசம் போக மூன்று, நான்கு நிமிடம் மெதுவாகக் கொதிக்க வேண்டும். மாவு இருப்பதால் அவ்வளவுக்குப் பயமில்லை. எலுமிச்சை வேண்டுமானால் இறக்கிய பின், சொதிக்குச் செய்வதைப் போல.

மாவின் சாயலே வேண்டாம் என்பவர்களுக்கு இலங்கை வழி பொருந்தும். குழம்பை இறக்கி இரண்டு நிமிடம் ஆறவிட்டு, கடைந்த தயிரைக் கலந்து, மறுபடி அடுப்பேற்றாமல் பரிமாறிவிடலாம். பன்னீர் மசாலாவுக்கு இதுவே சிறந்தது.

திரிந்துபோன குழம்பை முழுதாக மீட்க முடியாது. கோழியை எடுத்துவிட்டு, ஊறிய முந்திரி பத்துச் சேர்த்து மிக்ஸியில் ஓட்டினால் கட்டிகள் உடைந்து கண்ணுக்கு மறையும். நாக்குக்குச் சற்றே கரகரப்பு இருக்கும். இரவுக்கும் வைத்துச் சாப்பிடும் வீடுகளில், மாவில்லாத குழம்பு மறுசூட்டில் திரிவதுதான் அதிகம். அவர்கள் தயிர் சேர்க்குமுன்பே பாதிக் குழம்பைத் தனியே எடுத்து வைத்து, இரவு சூடாக்கி இறக்கியபின் அதற்குரிய தயிரைக் கலந்துகொள்ளலாம்.