அழைப்புக் கடிதம்: கொழும்பு கேட்கும் விதமும் கோவை கேட்கும் விதமும்

போன மாதம் கோயம்புத்தூரிலிருந்து சோப்புத் தொழில் செய்யும் ஒருவர் மலேசியாவின் ஜோகூரில், பாசிர் கூடாங்கில் இருக்கும் எங்கள் தொழிற்சாலையைப் பார்க்க வந்திருந்தார். பாம் எண்ணெயிலிருந்து வரும் சோப்பு நூடுல்ஸை நாங்கள் இலங்கைக்கும் இந்தியாவுக்கும் அனுப்புகிறோம். தேநீர் குடிக்கும்போது அவர் சிரித்துக்கொண்டே, "உங்க சிலோன்காரங்க ஒரு லெட்டர் கேக்குறதுக்கே ஒரு கட்டுரை எழுதுவாங்க சார்" என்றார். விருந்தாளி என்பதால் நான் பதில் சொல்லவில்லை. அந்தப் பதிலை இங்கே எழுதுகிறேன்.

அழைப்புக் கடிதம் கேட்டுக் கொழும்பிலிருந்து வரும் மடல் நீளமானதுதான். போன வருடம் வந்த ஒன்றைச் சொல்கிறேன். பயணத்துக்கு மூன்று வாரம் முன்னரே வந்தது. வருபவர் யார், என்ன பதவி, கடவுச்சீட்டு இலக்கம், அது முடியும் தேதி, எந்த நாள் வந்து எந்த நாள் போகிறார், தொழிற்சாலையில் எதைப் பார்க்கப் போகிறார், விமானச் செலவும் தங்குமிடச் செலவும் யாருடையது என்று எல்லாமே அதில் இருந்தன. கடவுச்சீட்டின் படப்பக்கத்தையும் இணைத்திருந்தார்கள். எங்கள் கம்பெனிப் பதிவுச் சான்றின் நகலும் கையெழுத்திடுபவரின் அடையாள அட்டை நகலும் வேண்டுமென்று அவர்களே கேட்டிருந்தார்கள். நான் எதையும் திருப்பிக் கேட்கத் தேவை வரவில்லை. அரை மணி நேரத்தில் அழைப்புக் கடிதம் தயாராகிவிட்டது.

கோவைப் பக்கத்திலிருந்து வாட்ஸ்அப்பில் ஒரே வரிதான் வரும்: "சார், இன்விடேஷன் லெட்டர் அர்ஜென்ட்." பெயர் கேட்டால் விசிட்டிங் கார்டைப் படமெடுத்து அனுப்புவார்கள். கார்டில் தலைப்பெழுத்தும் பெயரும் இருக்கும். பாஸ்போர்ட்டிலோ அந்தத் தலைப்பெழுத்து அப்பாவின் முழுப் பெயராக விரிந்திருக்கும். கடிதத்தில் ஒரு பெயரும் பாஸ்போர்ட்டில் வேறு பெயரும் நின்றால், இரண்டும் ஒரே ஆள்தான் என்று கடிதத்தை வாங்கிப் பார்க்கும் அதிகாரிக்கு எப்படித் தெரியும்? இங்கே மகன் பெயரையும் அப்பா பெயரையும் 'a/l' பிரித்துக் காட்டும். அந்தக் கண்ணோடு பார்ப்பவருக்கு நம்முடைய தலைப்பெழுத்துகள் குழப்பம்தான்.

ஆனால் ஒரு விஷயத்தில் அவர்களைப் பாராட்டவே வேண்டும். சில இந்தியக் கம்பெனிகள் கடிதத்தைத் தாங்களே எழுதி, "உங்க லெட்டர்ஹெட்ல போட்டு சைன் பண்ணுங்க" என்று அனுப்புவார்கள். வேலை மிச்சம். இருந்தாலும் ஒரு தடவை அப்படி வந்த வரைவில், வருபவர் இயந்திரத்தைப் பொருத்தி ஆட்களுக்குப் பயிற்சி கொடுப்பார் என்றிருந்தது. உண்மையில் அவர் வந்தது சரக்கின் தரத்தைப் பார்க்கத்தான். பழைய கடிதத்தில் பெயரை மட்டும் மாற்றியிருக்கிறார்கள். பார்வையிடுவதற்கும் பேச்சுவார்த்தைக்கும் வருவது வேறு, கைவைத்து வேலை செய்ய வருவது வேறு. இரண்டாவதற்கு மலேசியாவில் தொழில்முறை வருகை பாஸ் எடுக்க வேண்டும். அந்த வரியை அப்படியே விட்டிருந்தால் வந்த இடத்தில் அவருக்குத்தான் சிக்கல்.

சொற்களும் வேறு. யாழ்ப்பாணத்தில் நாங்கள் கந்தோர், கடவுச்சீட்டு என்போம். அங்கே ஆபீஸ், பாஸ்போர்ட். எங்கள் தொழிற்சாலையில் மலாய்க்காரத் தங்கை இதே தாளை 'சூராட் ஜெம்புத்தான்' என்கிறாள். கோவைக்காரர்களின் கந்தோருக்குள் இது எப்படிக் கைமாறுகிறது என்பதை அவர்களின் வாட்ஸ்அப் வரிகளிலிருந்துதான் அறிகிறேன். கொழும்புக் கந்தோரிலோ ஆறு வருடம் இதே கடிதங்களை நான் தட்டச்சு செய்திருக்கிறேன்.

வித்தியாசத்துக்குக் காரணம் குணம் மட்டுமல்ல. 2023 டிசம்பர் 1 முதல் இந்தியக் கடவுச்சீட்டுக்காரர் 30 நாள் வரை விசா இல்லாமல் மலேசியாவுக்கு வரலாம். அவருக்குக் கடிதம் என்பது கேட்டால் காட்டுவதற்கான துணைத்தாள். இலங்கையருக்கு விசா வேண்டும், அதைக் கேட்கும்போதே கடிதத்தின் ஒவ்வொரு வரியையும் ஒருவர் படிப்பார். சிங்கப்பூரில் இது தலைகீழ். அங்கே இலங்கையருக்கு விசா தேவையில்லை, இந்தியருக்குத் தேவை. ஜோகூருக்கு வருகிறவர் சாங்கியில் இறங்கிப் பாலத்தைக் கடக்கலாம் என்று நினைத்தால், கொழும்புக்காரர் மலேசிய விசாவையும் கோவைக்காரர் சிங்கப்பூர் விசாவையும் முதலில் பார்க்க வேண்டும். கோவைக்காரருக்குச் செனாய் அல்லது கோலாலம்பூர் விமான நிலையமே சுகம்.

எனவே அந்த நண்பருக்கு என் பதில் இதுதான்: எங்கள் ஆட்கள் எழுதுவது கட்டுரை அல்ல. கதவு தானாகத் திறக்காது என்று தெரிந்தவர்கள், திறப்பவர் கேட்கப்போகும் கேள்விகளுக்கு முன்கூட்டியே பதில் எழுதி வைக்கிறார்கள். நானும் அப்படியொரு கடிதத்தைக் கையில் பிடித்துக்கொண்டுதான் முதன்முதலில் இந்த நாட்டுக்கு வந்தேன். அவர் அடுத்த முறை வரும்போது ஒன்று செய்தால் போதும். கார்டுக்குப் பதில் பாஸ்போர்ட்டின் படப்பக்கத்தை அனுப்பட்டும். மீதியை நான் எழுதிக்கொள்கிறேன்.