மூன்றாம் தரம் சொல்லாத ஏலம்: தருமபுரித் தெருவுக்கு ஒரு காட்சி

1990களில் தருமபுரி மாவட்டத்தின் ஆரம்ப சுகாதார நிலையப் பதிவேடுகளில், பிறந்த சில நாட்களில் இறந்துபோன பெண் குழந்தைகள் பலருக்கு நேரே ஒரு காரணம் எழுதப்பட்டிருந்தது: ‘சமூகக் காரணங்களால் மரணம்’. சிசுக்கொலை என்பதற்கு நிர்வாகம் வைத்திருந்த பெயர் அது. இன்றைய கிருஷ்ணகிரியும் அப்போது தருமபுரியோடுதான் இருந்தது. டென்மார்க் அரசின் டானிடா உதவியில் நடந்த தமிழ்நாடு சுகாதாரத் திட்டம், 1997 முதல் 1999 வரை இந்த மாவட்டத்தில் பெண் சிசுக்கொலைக்கு எதிராக மக்களைத் திரட்டும் பணியில் இறங்கியது. அதன் முதன்மைக் கருவி கலைப்பயணம். அறிவொளிக் காலத்தில் பழகிய அதே வடிவத்தில், குழுக்கள் ஊர் ஊராகப் போய்த் தெருவில் நாடகம் போட்டன. வெங்கடேஷ் ஆத்ரேயாவும் ஷீலா ராணி சுங்கத்தும் இம்முயற்சியைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார்கள்.

நாடகம் எழுதுகிறவருக்கு இந்த நிகழ்வு ஒரு கடினமான கேள்வியை வைக்கிறது. குற்றம் நடந்த வீட்டுக்காரர்களே கூட்டத்தில் நிற்கிறார்கள். ‘கொலைகாரர்களே’ என்று விரல் நீட்டினால் அடுத்த நிமிடம் வட்டம் கலைந்துவிடும். நீட்டாமல் போனால் நாடகம் எதற்கு? தெருநாடகத்தில் கூட்டத்தைப் பிடித்து நிறுத்துவதும், யாரைக் குற்றவாளியாகக் காட்டுவது என்பதும் ஒரே சிக்கல்தான் என்பது என் கருத்து. இரண்டையும் தனித்தனியே தீர்க்கப் பார்ப்பதால்தான் பல பிரதிகள் தெருவில் தோற்கின்றன.

முன்னோடிகள் இதை எப்படிக் கையாண்டார்கள் என்று பார்க்கலாம். டெல்லியின் ஜன நாட்டிய மஞ்ச் 1978இல் போட்ட ‘மெஷின்’ ஏறத்தாழ 13 நிமிட நாடகம். நடிகர்களின் உடல்களே கோத்துக்கொண்டு இயந்திரமாக ஓடும். திடீரென்று அது நின்றுபோகும். ஏன் நின்றது என்பதே நாடகம். நடுவில் வந்து சேர்கிறவரும் ஒரே பார்வையில் நிலைமையைப் புரிந்துகொள்கிறார். நின்றதற்கான காரணத்தை அறியக் காத்திருக்கிறார். தமிழ்நாட்டில் பாதல் சர்க்கார் 1980இல் சோழமண்டலத்தில் நடத்திய பட்டறை, மேடையும் விளக்கும் இல்லாமல் உடலையும் குழுவையும் நம்பும் பழக்கத்தை இங்குள்ள நாடகக்காரர்களிடம் வலுப்படுத்தியது. பிரளயனின் சென்னைக் கலைக்குழு அந்த வழியில் நெடுங்காலம் இயங்கி வந்திருக்கிறது. பெண் சிசுக்கொலையை நேரடியாக எடுத்துக்கொண்டது அ. மங்கையின் ‘பச்ச மண்ணு’. ஒரு பெண்ணின் வாழ்க்கைச் சடங்குகள் வழியாக அது விஷயத்துக்குள் போனது. பார்க்கிறவர்கள் தாங்களே செய்த சடங்கைத் தூரத்தில் வைத்துப் பார்க்கும்படி ஆனது. குற்றச்சாட்டு நடிகரின் வாயிலிருந்து வரவில்லை. பார்ப்பவரின் நினைவிலிருந்து எழுந்தது.

இந்தப் பாடங்களோடு இன்றைய தருமபுரிக்கு ஒரு காட்சி எழுதிப் பார்ப்போம். சிக்கலின் முகம் மாறியிருக்கிறது. அண்மை ஆண்டுகளில் இந்த மாவட்டத்தில், கையடக்க ஸ்கேன் கருவியோடு வீடுகளில் கருவின் பாலினம் சொல்லி வந்தவர்கள் கைதாகியிருக்கிறார்கள். இடம், பென்னாகரம் பேருந்து நிலையத்துக்கு வெளியே என்று வைத்துக்கொள்வோம். ஆறு நடிகர்கள், ஒரு பம்பை, ஏழெட்டு நிமிடம். வட்டத்தின் குறுக்களவு எட்டு மீட்டரைத் தாண்டக் கூடாது. தாண்டினால் ஒலிவாங்கி இல்லாத குரல் பின்வரிசைக்கு எட்டாது.

பம்பை முழங்க, கட்டியக்காரன் ஒருவனைத் தோளில் தூக்கி வருகிறான். கூத்து பார்த்துப் பழகிய ஊருக்கு கட்டியக்காரனை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. கதைக்குள்ளும் கூட்டத்துக்குள்ளும் மாறி மாறிப் போகும் உரிமை அவனுக்கு உண்டு.

“ஏலம்! மாப்பிள்ளை ஏலம்! பத்து பவுன் ஒரு தரம்!”

பெண்ணைப் பெற்றவர் கேட்கிறார். இன்னொருவர் பதினைந்து என்கிறார். கட்டியக்காரன் கூட்டத்தின் பக்கம் திரும்பி, “உங்க ஊர்ல என்னா ரேட்டு, சொல்லுங்க” என்கிறான். பதில் வரும், உரக்கவே வரும். ஏலம் என்பது யாருக்கும் விளக்கத் தேவையற்ற வடிவம். மூன்றாம் நிமிடத்தில் வந்தவருக்கும் எல்லாம் புரியும். ‘மூணு தரம்’ கேட்காமல் நகர மனம் வராது. பெற்றவர் ஆட்டை வைக்கிறார், பம்புசெட்டை வைக்கிறார், கடைசியில் அரை ஏக்கரை வைக்கிறார். ஒவ்வொன்றையும் வைக்கும்போது ஒரு நடிகர் அந்தப் பொருளாகவே வந்து மாப்பிள்ளை காலடியில் அமர்கிறார்.

“ரெண்டு தரம்…” பம்பை நிற்கிறது. பெற்றவரின் மனைவி வயிற்றைப் பிடித்தபடி வட்டத்தின் நடுவில் நிற்கிறாள். ஆடாகவும் நிலமாகவும் அமர்ந்திருந்தவர்கள் எழுந்து அவளைச் சுற்றிச் சுவராகிறார்கள். பையோடு ஒருவன் வருகிறான்.

“அஞ்சு நிமிஷம்தாம்மா. சொல்லிட்டுப் போயிடுவேன்.”

மாமியார், கணவன், நாத்தனார் ஆகிய மூவரும் ஒவ்வொரு பக்கம் பார்த்து ஒரே வாக்கியத்தைச் சொல்கிறார்கள்: “தெரிஞ்சுக்கறதுல என்னா தப்பு?” அவள் பேசுவதில்லை. கட்டியக்காரன் மெதுவாக வந்து, முதலில் பவுன் கணக்குச் சொன்னவரைப் பார்க்கிறான். “அண்ணே, இன்னும் ஏலம் முடியல. மூணாவது தரம் யார் சொல்றது?”

காட்சி அங்கே நிற்க வேண்டும். சற்று முன் விலை சொன்ன கூட்டம் இப்போது தன் குரலையே கேட்கிறது. யாரும் அவர்களைத் திட்டவில்லை.

எழுத்தில் கவனிக்க வேண்டியவை சில உண்டு. வசனம் ஆறேழு சொல்லைத் தாண்டினால் பேருந்தின் ஹாரனில் பாதி போய்விடும். முக்கியமான வாக்கியத்தை நான்கு திசைக்கும் சொல்லியாக வேண்டும்; மேலே மூவர் சொல்வது அதற்காகத்தான். முகபாவத்தை நம்பி எதையும் எழுதக் கூடாது, பாதிப் பேருக்கு நடிகரின் முதுகுதான் தெரியும். கள்ளிப்பால் ஊற்றும் காட்சியை நான் எழுத மாட்டேன். அது கொலை முறையை வேடிக்கைப் பொருளாக்குகிறது. முன்வரிசையில் எப்போதும் பிள்ளைகள் உட்கார்ந்திருப்பார்கள்.

இந்தக் காட்சி கெட்டுப்போவதற்கு ஒரு வழி நிச்சயம் உண்டு. மாப்பிள்ளை வேடக்காரர் சிரிப்பில் மயங்கி ஏலத்தை இழுத்துக்கொண்டே போவார். மனைவி நடுவே வந்து நின்ற பிறகும் பின்வரிசையில் சிரிப்பு தொடர்ந்தால் ஏலம் நீண்டுவிட்டது என்று அறியலாம். அதை மூன்று நிமிடத்துக்குள் வெட்ட வேண்டும். இன்னொரு அடையாளம், பேருந்து. வண்டி வந்து நின்றதும் யார் ஓடுகிறார்கள், யார் நடத்துநரைப் பார்த்துவிட்டு மறுபடி வட்டத்தைப் பார்க்கிறார்கள் என்று ஒருவர் வெளியே நின்று கவனிக்க வேண்டும். காட்சியின் எந்த இடத்தில் ஆள் கழன்றார்களோ அந்த இடத்தைத் திருத்த வேண்டும்.

நாடகத்தால் எவ்வளவு முடியும்? தருமபுரியில் ஆறு வயதுக்குட்பட்ட 1,000 ஆண் குழந்தைகளுக்கு 2001இல் 826 பெண் குழந்தைகள் இருந்தார்கள், 2011இல் 913. இந்த உயர்வைக் கலைப்பயணத்தின் கணக்கில் மட்டும் எழுத முடியாது. தொட்டில் குழந்தைத் திட்டமும் பெண் குழந்தைப் பாதுகாப்புத் திட்டமும் செவிலியரின் கண்காணிப்பும் காவல்துறை வழக்குகளும் கூடவே இருந்தன. நாடகம் முடிந்ததும் கிராம சுகாதார செவிலியர் அதே இடத்தில் பத்து நிமிடம் பேசாவிட்டால், காட்சி கிளப்பிய கேள்வி பேருந்தோடு போய்விடும்.

அந்தப் பேச்சில் கட்டாயம் இடம்பெற வேண்டிய ஒன்று, 1994ஆம் ஆண்டின் பாலினத் தேர்வுத் தடைச் சட்டம். கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று கேட்பதும் சொல்வதும் சிறைத்தண்டனைக்குரிய குற்றம். அதே சட்டத்தின் 24ஆம் பிரிவு, கணவரோ உறவினரோ கட்டாயப்படுத்தித்தான் கர்ப்பிணி அந்தச் சோதனைக்கு உட்பட்டார் என்றே நீதிமன்றம் கருத வேண்டும் என்கிறது. அப்படி இல்லையென்று காட்டும் பொறுப்பு மறுப்பவர்களுடையது.