தமிழ் வினைகளும் வெண்ட்லரின் நால்வகைப் பாகுபாடும்: கால அடைச் சோதனை குறித்த ஒரு மதிப்பீடு

வினைகளை அவை குறிக்கும் நிகழ்வின் உள்ளமைப்பை ஒட்டி நான்காகப் பகுக்கும் முறை, ஸீனோ வெண்ட்லர் 1957இல் வெளியிட்ட கட்டுரையின் வழியாக மொழியியலில் நிலைபெற்றது. அறிதல், விரும்புதல் போன்றவை நிலை. ஓடுதல், வண்டி தள்ளுதல் போன்றவை செயல்பாடு. வட்டம் வரைதல் போல ஒரு முடிவை நோக்கிப் படிப்படியாகச் செல்வது நிறைவேற்றம். மலையுச்சியை அடைதல் போல ஒரு கணத்தில் நேர்வது எய்தல். இவற்றைப் பிரித்தறிய மிகுதியும் பயன்படுவது கால அடைச் சோதனை. ‘ஒரு மணி நேரம்’ என்னும் நீட்சி அடையை ஏற்பவை நிலையும் செயல்பாடும். ‘ஒரு மணி நேரத்தில்’ என்னும் வரம்பு அடையை ஏற்பவை நிறைவேற்றமும் எய்தலும் என்பது பொது விதி.

இவ்விரு அடைகளுக்கும் தமிழில் நேரான வடிவங்கள் கிடைப்பதால் சோதனையை அப்படியே கொண்டுவந்துவிடலாம் என்ற எண்ணம் எளிதில் தோன்றுகிறது. வெண்ட்லரின் ஆங்கில வினைகளுக்குத் தமிழ் நிகரன்களை எழுதி, அவற்றை நான்கு தலைப்புகளின் கீழ் நிரப்பிவிட்டு, சோதனையைச் சடங்காக ஒருமுறை சொல்லிச் செல்லும் வழக்கம் இதனால் விளைந்தது. இவ்வாறு அமையும் பட்டியல் ஆங்கில வினைகளைப் பற்றியதே அன்றித் தமிழ் வினைகளைப் பற்றியதன்று.

முதற்சிக்கல் ‘-இல்’ உருபில் உள்ளது. ‘ஒரு மணி நேரத்தில் அந்தக் கட்டுரையைப் படித்தாள்’ என்பதில் அடை படித்தல் தொடங்கியது முதல் முடிந்தது வரையான காலத்தை அளக்கிறது. ‘பத்து நிமிடத்தில் வண்டி புறப்பட்டது’ என்பதிலோ அளக்கப்படுவது புறப்பாடு அன்று. அதற்கு முன் கழிந்த காலம். ‘குழந்தை பத்து மாதத்தில் நடந்தது’ என்றால் பத்து மாத அகவையில் நடக்கத் தொடங்கியது என்பது பொருள். ‘ஒரு வருடத்தில் மூன்று முறை வந்தான்’ என்பதில் அடை ஒரு காலச் சட்டகம் மட்டுமே. ஆகவே ஒரு வினை ‘-இல்’ அடையை ஏற்கிறதா என்று மட்டும் வினவினால் ஏறக்குறைய எல்லா வினையும் ஏற்கும் என்றே விடை வரும். ‘நட’ செயல்பாட்டு வினை என்பதில் ஐயமில்லை. ஆயினும் மேற்கண்ட குழந்தை வாக்கியத்தில் வழுவில்லை. ‘பத்து நிமிடத்தில் தூங்கிவிட்டான்’ என்பதும் அத்தகையதே. உறக்கத்தின் அளவை அது கூறவில்லை. உறக்கம் எப்போது வந்தது என்பதைக் கூறுகிறது. வாக்கியம் வழுவுடையதா என்பதை விடுத்து, அடை எதை அளக்கிறது என்பதையே இச்சோதனையில் நோக்க வேண்டும்.

அளக்கப்படுவது நிகழ்வேதானா, அதற்கு முந்திய காலமா என்பதை அறிய ‘முடி’ என்னும் வினை துணைபுரிகிறது. ‘ஒரு மணி நேரத்தில் கட்டுரையைப் படித்து முடித்தாள்’ என்று மாற்றினால் பொருள் மாறுவதில்லை. ‘வண்டி புறப்பட்டு முடித்தது’ என்றோ ‘சாவியைக் கண்டுபிடித்து முடித்தான்’ என்றோ கூறுவாரில்லை. ‘பாதியில் நிறுத்தினான்’ என்பதையும் இதனோடு சேர்த்துப் பார்க்கலாம். படிப்பதைப் பாதியில் நிறுத்தலாம். கண்டுபிடிப்பதைப் பாதியில் நிறுத்த இயலாது, தேடுவதையே நிறுத்த இயலும். நிறைவேற்றத்துக்கும் எய்தலுக்கும் இடையிலான எல்லை தமிழில் இங்கேதான் தெளிவாகத் தென்படுகிறது.

இரண்டாவது சிக்கல் இதனினும் ஆழமானது. கடிதம் எழுதுதல் நிறைவேற்ற வகைக்கு வழக்கமாகக் காட்டப்படும் எடுத்துக்காட்டு. தமிழில் அதனைச் சோதித்துப் பார்க்கலாம். ‘ஒரு மணி நேரம் கடிதம் எழுதினான்’ என்பது இயல்பான வாக்கியம். உருபேற்காத ‘கடிதம்’ ஒன்றா பலவா எனத் தெளிவாகாமல் வினையோடு ஒன்றி நிற்பதால், தொடர் முழுதும் செயல்பாடாகிறது. வகைப்பாடு தனி வினைக்கு உரியதன்று, செயப்படுபொருளையும் உள்ளடக்கிய வினைத்தொடருக்கு உரியது என்று ஹென்க் வெர்கைல் 1972இலேயே நிறுவியதோடு இது பொருந்துகிறது. எனவே ‘அந்தக் கடிதத்தை’ எனச் சுட்டும் இரண்டாம் வேற்றுமையுருபும் சேர்ந்தால் தொடர் நிறைவேற்றமாக வேண்டும்; நீட்சி அடையை விலக்க வேண்டும். ஆனால் ‘அந்தக் கடிதத்தை ஒரு மணி நேரம் எழுதினான்; இன்னும் முடியவில்லை’ என்பதைத் தமிழர் பலரும் தடையின்றி ஏற்பர். செயப்படுபொருள் வரையறுக்கப்பட்டுவிட்டது; நிகழ்வோ வரையறுக்கப்படவில்லை.

‘எழுதிவிட்டான்’ என்று மாற்றினால் நிலைமை வேறாகிறது. ‘அந்தக் கடிதத்தை எழுதிவிட்டான்; இன்னும் முடியவில்லை’ என்பது முரண். ‘ஒரு மணி நேரத்தில் அந்தக் கடிதத்தை எழுதிவிட்டான்’ என்பது முற்றிலும் இயல்பு. ‘ஒரு மணி நேரம் அந்தக் கடிதத்தை எழுதிவிட்டான்’ என்பது செவிக்கு உறுத்துகிறது. இதனால் ‘விடு’ நிறைவேற்றத்தை உண்டாக்கும் துணைவினை என்று முடிவு செய்யத் தோன்றும். ஆனால் ‘இரண்டு மணி நேரம் நடந்துவிட்டேன், இனிப் போதும்’ என்பதில் நீட்சி அடையும் ‘விடு’வும் ஒருங்கே வந்துள்ளன. இங்கு இரண்டு மணி நேரம் என்பதே நடைக்குரிய எல்லையாகக் கொள்ளப்படுகிறது. ‘விடு’ ஓர் எல்லையைத் தானே படைப்பதில்லை. தொடரில் கிடைக்கும் எல்லையைப் பற்றிக்கொண்டு, அது எட்டப்பட்டது என்று உறுதி கூறுகிறது. கடித வாக்கியம் உறுத்துவதற்குக் காரணம், கடிதத்தின் முடிவு, கால அளவு என இரண்டு எல்லைகள் அங்குப் போட்டியிடுவதே எனலாம்.

தனி வினைமுற்று முடிவை உறுதிப்படுத்துவதில்லை என்பது எழுதுதல் போன்ற வினைகளோடு நிற்பதன்று. தமிழ்ச் செயப்படுபொருள் குன்றா வினைகள் பலவற்றில் விளைவு வினையின் பொருளில் அடங்காமல் எதிர்பார்ப்பாகவே நிற்கிறது என்று எரிக் பெடர்சன் 2008இல் வெளியான ஆய்வில் காட்டினார். ‘உடைத்தேன், ஆனால் உடையவில்லை’ என்னும் வகை வாக்கியங்கள் இதற்குச் சான்று. இந்தியிலும் இதன் இணை உண்டு. ‘காயா’ என்னும் தனி வடிவம் பண்டம் மீந்திருப்பதற்கு இடந்தர, ‘கா லியா’ என்னும் கூட்டுவினை இடந்தருவதில்லை என மோனா சிங் 1998இல் விளக்கினார். இத்தகைய மொழிகளில் நிறைவேற்றம் என்பதை வினையடியின் பண்பாகப் பதிவு செய்துவிட்டால், ‘விடு’ சேர்வதால் வரும் பொருள் வேறுபாட்டை விளக்க வழியில்லாமல் போகிறது. முடிவு முன்பே உறுதியாகிவிட்டிருந்தால், துணைவினை மீண்டும் எதனை உறுதிப்படுத்துகிறது?

நிலை வினைகளிலும் பட்டியல் முறை தடுமாறுகிறது. ‘புரி’ அறிதல் சார்ந்த வினையாதலால் நிலை எனக் குறிக்கப்படும். ‘முதல் ஒரு மணி நேரம் பாடம் புரிந்தது, பிறகு புரியவில்லை’ என்பது அதற்கு அரண் செய்கிறது. ஆனால் ‘ஐந்து நிமிடத்தில் கணக்குப் புரிந்தது’ என்பதில் அதே வடிவம் எய்தலாகிறது. அடை புரிதல் வருமுன் கழிந்த காலத்தை அளக்கிறது. ‘புரிந்து முடித்தது’ என்று கூற முடியாமை அது நிறைவேற்றமன்று என்பதைக் காட்டுகிறது. ‘தெரி’, ‘பிடி’ ஆகியவையும் இவ்வாறே: ‘எனக்கு அவனைப் பிடிக்கும்’ என்பது நிலை, ‘பார்த்தவுடன் பிடித்தது’ என்பது அந்நிலைக்குள் நுழையும் கணம். ஆங்கிலம் பெரும்பாலும் வெவ்வேறு சொற்களால் பிரித்துக்காட்டும் இவ்விரண்டையும் தமிழ் ஒரே அடியில் அடக்கிவைத்து, காலங்காட்டும் வடிவத்துக்கும் அடைக்கும் விட்டுவிடுகிறது. ‘புரி’ எவ்வகை வினை என்ற வினாவுக்கு ஒற்றை விடை தேடுவது, ஆங்கிலச் சொல்லின் வகையைக் கேட்பதாகவே முடிகிறது.

இறந்தகால வினைமுற்றைக் கொண்டு மட்டும் இச்சோதனைகளை நிகழ்த்துவதிலும் ஓர் எல்லை உண்டு. ‘உட்கார்’, ‘படு’ போன்ற உடலிருப்பு வினைகளில் ‘படுத்தான்’ பெரும்பாலும் படுக்கும் செயலையும், ‘படுத்திருந்தான்’ அதன் பின்னுள்ள இருப்பையும் குறிக்கின்றன. ‘மூன்று நாளாக’ என்னும் ‘-ஆக’ ஈற்று அடை இரண்டாவதோடு இயல்பாகச் சேர்கிறது, முதலாவதோடு சேர்வதில்லை. ‘மூன்று நாள்’, ‘மூன்று நாளாக’ என்னும் இரண்டையும் ஒரே நீட்சி அடையாகக் கொள்ளும் வழக்கம் இவ்வேறுபாட்டை மறைத்துவிடுகிறது. பின்னது, பேசப்படும் கணம் வரை அந்நிலை அறாமல் தொடர்வதை வேண்டி நிற்கிறது. முன்னது அவ்வாறு வேண்டுவதில்லை.