வட்டமாக நின்ற ஏழு பெண்கள்

சிலப்பதிகாரத்து ஆய்ச்சியர் குரவையில் மாதரி ஏழு பெண்களுக்குக் குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்று பெயரிட்டு வட்டமாக நிறுத்துகிறாள். சுரம் என்றால் என்னவென்றே தெரியாதவருக்கு ஏழிசையைக் காட்ட இதைவிட நல்ல படம் எனக்குத் தெரியாது. இன்று செல்போனில் விரலால் தள்ளித் தள்ளிப் பார்க்கும் ஸ்லைடுகளில் பெரும்பாலும் ஏழு படிக்கட்டு வரைகிறார்கள், எல்லாம் ஒரே உயரம். தாரத்தின் பக்கத்தில் மறுபடி குரல் நிற்கிறது என்பது அதில் தெரிவதில்லை. படிகள் சமமில்லை என்பதும் தெரிவதில்லை.

திருவண்ணாமலையில் செங்கம் சாலையில், ரமணாசிரமத்தை ஒட்டிய எங்கள் பகுதியில் பலவகை மரபுகள் ஒரே நாளில் காதில் விழும். ஆசிரமத்து வேத பாராயணத்தில் உதாத்தம், அனுதாத்தம், சுவரிதம் என்ற மூன்று நிலைகளே உண்டு. ஓதுவார் பாடும் தேவாரத்தில் பண் வந்துவிடும். வீட்டில் பாட்டு கற்கும் குழந்தை, புரந்தரதாசர் வகுத்ததாகச் சொல்லப்படும் முறையில், மாயாமாளவகௌளையில் சரளிவரிசை பாடும். வடக்கிலிருந்து வந்து தங்கியிருப்பவர் பிலாவலில் தொடங்கியிருப்பார். அது நம் சங்கராபரணத்தின் சுரங்கள்.

இவர்கள் ஒரே வகுப்பில் உட்கார்ந்தால் முதல் குழப்பம் ‘சுத்த’ என்ற சொல்லில் வரும். வடக்கே சுத்த ரி என்பது நமக்குச் சதுச்ருதி ரிஷபம். நம் சுத்த ரிஷபம் அவர்களுக்குக் கோமள ரி. பெயர் ஒன்று, இடம் வேறு. ஆகவே ஸ்லைடில் பெயரை மட்டும் எழுதினால் பாதிப் பேர் தவறான இடத்தில் பாடுவார்கள். இடத்தைக் காதால் காட்ட வேண்டும்.

அதற்கு நான் பிடித்த வழி இது. முதல் ஸ்லைடில் ஸ மட்டும், பின்னால் தம்புரா ஒலியுடன். ஸ எங்கே இருக்கிறது என்று கேட்பார்கள். எங்கும் கட்டிப் போடப்படவில்லை. பெரும்பாலும் ஆண்கள் ஒரு கட்டையை ஒட்டியும், பெண்கள் ஐந்து கட்டையை ஒட்டியும் வைத்துக்கொள்வார்கள். கணக்குக்கு நொடிக்கு 240 அதிர்வு என்று வைப்போம். இரண்டாவது ஸ்லைடு ப. அது 360, அதாவது ஒன்றரை மடங்கு. மேல் ஸ 480, சரியாக இரு மடங்கு. தம்புராவின் தந்திகள் இந்த இரண்டையும் முன்பே ஒலித்துக்கொண்டிருப்பதால் புதியவருக்கும் இவை உடனே பிடிபடும்.

மற்ற சுரங்களை ஜோடியாகக் காட்டுகிறேன். மாயாமாளவகௌளையில் ரி 256, க 300, ம 320, த 384, நி 450. ஸ–ரி, க–ம, ப–த, நி–மேல் ஸ ஆகிய நான்கு ஜோடிகளிலும் மேலுள்ளதைக் கீழுள்ளதால் வகுத்துப் பாருங்கள். எல்லாம் 16க்கு 15. ஒரே நெருக்கம் நான்கு இடத்தில் வருகிறது. ரியிலிருந்து கவுக்கும், தவிலிருந்து நிக்கும் பெரிய தாண்டல். ஸ்லைடில் இந்த ஜோடிகளைத் தோளோடு தோள் ஒட்டிய இரண்டு பெண்களாக வரையலாம், நடுவில் இடைவெளி விட்டு.

புதியவர்கள் தவறுவது பெரும்பாலும் ரியில்தான். வேறு இசையின் பழக்கத்தில் அதை 270 அளவுக்கு உயர்த்திவிடுவார்கள். அப்போது க–ம பாடச் சொல்லி, அதே நடையில் ஸ–ரி பாடச் சொல்வேன். இரண்டும் ஒன்றுபோல ஒலிக்காவிட்டால் ரி ஏறியிருக்கிறது. சுருதிப் பெட்டி அறியாத காதுக்கும் இந்தச் சோதனை போதும். அனுபவசாலிகள் ராகத்துக்கேற்ப அசைத்துப் பாடுவது தனிக்கதை. முதல் வாரத்தில் அதைத் தொடவே கூடாது. எந்த ஸ்லைடாலும் கமகத்தைக் காட்ட முடியாது.

மயில் முதல் யானை வரை ஒவ்வொரு சுரத்துக்கும் ஒரு விலங்கை ஒட்டும் வழக்கத்தை நான் விட்டுவிட்டேன். படம் அழகாக இருக்கும், காதுக்கு உதவாது.

எட்டாவது ஸ்லைடு மேல் ஸ, முதல் ஸ்லைடின் அதே பெண். அங்கே வட்டம் மூடுகிறது. ஒன்பதாவது ஸ்லைடில் ரியையும் தவையும் வட்டத்திலிருந்து வெளியே உட்கார வைக்கிறேன். மிஞ்சுவது ஸ க ம ப நி. அது கம்பீர நாட்டை. சம்பந்தர் முதல் திருமுறையில் அண்ணாமலைக்குப் பாடிய இரண்டு பதிகங்களில் ஒன்றின் பண் நட்டபாடை, மற்றது தக்கேசி. நட்டபாடையை இன்று கம்பீர நாட்டையில்தான் பாடுகிறார்கள். புதியவரைப் பெரிய கோயிலுக்கு அழைத்துப் போய் அந்தப் பதிகத்தைக் கேட்கச் சொல்வேன். அவர் முதலில் பிடிப்பது பஞ்சமத்தை.