ஒரு வாரம் வைங்க

சொந்தமாகச் சின்ன வறுப்பகம் தொடங்கப்போகும் பாரிஸ்டா, தான் வேலைபார்த்த காப்பிக் கடையில் விடைபெற்றுப் பேசியது எனக்கு மிகவும் பிடித்தது. நன்றியை ஒரே வரியில் சொல்லிவிட்டு, நேராகக் கொட்டைக்கு வந்தார்.

“தம்பிகளா, நான் அனுப்புற கொட்டையை வந்த அன்னைக்கே எஸ்பிரஸோ போடாதீங்க. புதுசா வறுத்ததுல கரியமில வாயு நிறைய இருக்கும். தண்ணியைத் தூளுக்குள்ள சீரா இறங்க விடாது. நுரை பெரிய குமிழா பொங்கி, உடனே அடங்கிடும். குடிச்சா புளிக்கும். ஒரு வாரம் வைங்க. அப்புறம் 18 கிராம் தூளுக்கு 36 கிராம் காப்பி, அரை நிமிஷம் போல இறங்குற மாதிரி அரவையைச் சரிபண்ணுங்க. அப்பவும் புளிச்சா என் வறுப்புலதான் குறை, கூப்பிடுங்க.”

விற்கப்போகிறவரே தன் சரக்கைச் சோதிக்கும் வழியையும் சொல்லிக்கொடுத்துவிட்டார். இதைவிட நல்ல விடைபெறல் எனக்குத் தெரியாது.