அக்ரோபாட்டின் ஆக்‌ஷன் விசார்டை எதுவரை நம்பலாம்?

ஸ்கேன் செய்த இருநூறு ஆங்கில ஒப்பந்தங்கள் ஒரு கோப்புறையில் கிடக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு பக்கத்தின் மேலும் வழக்கு எண் வர வேண்டும், உள்ளே இருக்கும் சொற்களைத் தேட முடிய வேண்டும், கோப்பின் அளவும் குறைய வேண்டும். அடோபி அக்ரோபாட் புரோவில் இதற்கென்றே Action Wizard இருக்கிறது. 2010இல் வெளியான அக்ரோபாட் எக்ஸ் பதிப்பில், பழைய Batch Processing வசதிக்கு மாற்றாக வந்தது இது. புதிய திரையமைப்பில் Use guided actions என்ற பெயரில் இருக்கிறது. நேரம் மிச்சமாகும் என்பதில் ஐயமில்லை. ஆனால் ஆள் பார்க்காமல் ஓடும் கருவியை நேரத்தை மட்டும் வைத்து மதிப்பிட முடியாது. ஒரு கோப்பில் வேலை பிசகினால் அது நம் கண்ணில் படுமா என்று கேட்க வேண்டும்.

ஃபோட்டோஷாப்பின் ஆக்‌ஷன் நாம் செய்வதை அப்படியே பதிவு செய்துகொள்ளும். அக்ரோபாட் அப்படிச் செய்வதில்லை. பட்டியலிலிருந்து படிகளை எடுத்து அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் Specify Settings வழியாக அமைப்புகளைக் குறித்துச் சேமிக்கிறோம். ஆகவே ‘மூன்றாம் பக்கத்தில் இந்த வரியைத் திருத்து’ என்பது போன்ற வேலையை இதில் ஏற்ற வழியில்லை. இதைக் குறை என்று சொல்ல மாட்டேன். எல்லாக் கோப்புகளுக்கும் பொதுவான வேலையை மட்டும் ஏற்பதால்தான் முதல் கோப்புக்கும் கடைசிக் கோப்புக்கும் ஒரே அமைப்பு கிடைக்கிறது.

உண்மையான சிக்கல் படிகளின் வரிசையில் இருக்கிறது. பலரும் வழக்கு எண்ணை முதலில் போட்டுவிட்டு, பிறகு எழுத்துணரியை, அதாவது Recognize Text படியை, வைப்பார்கள். படிப்பதற்கு இயல்பான வரிசைதான். ஆனால் ஸ்கேன் பக்கம் வெறும் படம். அதன் மேல் Header & Footer எழுதும் வழக்கு எண்ணோ உண்மையான எழுத்து. எழுத்துணரி அந்தப் பக்கத்துக்கு வரும்போது அங்கே ஏற்கெனவே எழுத்து இருப்பதைக் கண்டு, This page contains renderable text என்று சொல்லிப் பக்கத்தை விட்டுவிடுகிறது. ஒப்பந்தத்தின் ஒரு சொல்கூடத் தேடலுக்குக் கிடைக்காது. வெளியே பார்த்தால் எண் அச்சாகியிருக்கும், கோப்பும் திறக்கும். வேலை முடிந்த தோற்றம் முழுமையாக இருக்கும்.

சோதிப்பவரும் இங்கே ஏமாறலாம். வழக்கு எண்ணைத் தேடிப் பார்த்தால் எல்லாக் கோப்பிலும் அகப்படும், ஏனென்றால் அது நாமே எழுதிய எழுத்து. ஒப்பந்தத்தின் உடலில் கட்டாயம் வரும் ஒரு சொல்லை, agreement போன்ற ஒன்றை, Ctrl+Shift+F கொண்டு கோப்புறை முழுவதிலும் தேட வேண்டும். அகப்பட்ட கோப்புகள் இருநூறுக்குக் குறைந்தால், விடுபட்டவற்றைத் திறந்து பார்க்க வேண்டும். வேறோர் அலுவலகம் முன்பே எண் பொறித்து அனுப்பிய ஸ்கேன்கள் பெரும்பாலும் அங்கேதான் சிக்கும். அவற்றின் பக்கங்களைப் படமாக ஏற்றுமதி செய்து, மீண்டும் பிடிஎஃப் ஆக்கி எழுத்துணரிக்குக் கொடுத்தால் சரியாகும்.

அளவு குறைக்கும் படிக்கும் இடம் முக்கியம். எழுத்துணரிக்கு 300 டிபிஐ ஸ்கேன் நல்லது. அதை முதலிலேயே 100க்கு இறக்கிவிட்டால், சிறிய எழுத்துகள் கலங்கிப் பிழையாகப் படிக்கப்படும். ஆகவே எழுத்துணரி முதலில், அளவுக் குறைப்பு அடுத்து, வழக்கு எண் கடைசியில். சேமிக்கும் படியில் வேறு கோப்புறையைக் காட்ட வேண்டும். மூலத்தின் மேலேயே எழுதிவிட்டால், இறக்கிய படத்தின் தெளிவை எந்தப் படியாலும் மீட்க முடியாது. டிஜிட்டல் கையொப்பம் இட்ட கோப்புகளை இந்தக் கோப்புறையில் சேர்க்கவே கூடாது. உள்ளடக்கம் மாறினால் கையொப்பம் செல்லாததாகும்.

ஒரு வேலையை மட்டும் இந்தக் கருவியிடம் விடக் கூடாது என்பேன்: பெயர்களைத் தேடி மறைப்பது. எழுத்துணரி ஒரு பெயரில் ஓர் எழுத்தைத் தவறாகப் படித்திருந்தால், தேடல் அதைத் தாண்டிப் போகும். பெயரோ பக்கத்தின் படத்தில் எல்லோரும் படிக்கும்படி நிற்கும். வழக்கு எண் விடுபட்டால் மறுபடி போடலாம். வெளியே போன பெயரைத் திரும்பப் பெற முடியாது. குறியிடுவதைத் தேடலிடம் விட்டாலும், ஒவ்வொரு பக்கத்தையும் ஒருவர் படித்த பிறகுதான் மறைப்பை உறுதி செய்ய வேண்டும்.

என் தீர்ப்பு இது. பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதைச் சாராத வேலைகளுக்கு ஆக்‌ஷன் விசார்ட் நம்பகமானது. சொற்களைச் சார்ந்த வேலைகளில் அதன் வரம்பு எழுத்துணரியின் வரம்புதான். தவறு நடந்த கோப்பு தானாகக் கண்ணில் படாததே இதன் பெரிய குறை. உடலில் வரும் ஒரு சொல்லைத் தேடி எண்ணிப் பார்க்கும் சோதனையையும் வேலையின் பகுதியாகக் கொள்பவருக்கு இதைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். அந்தச் சோதனைக்கு நேரம் ஒதுக்காதவர் இருநூறு கோப்புகளை இதில் ஓட்டக் கூடாது.